துண்டுக் குறிப்பிலிருந்து தரவு அகராதி: ஒரு நீர்ப் பரிசோதனைத் தாளை வைத்து

தரவு அகராதி என்பது விரிதாளின் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு வரி வீதம் எழுதும் அட்டவணை. நெடுவரிசையின் பெயர், அது எதைக் குறிக்கிறது, என்ன வகை, என்ன அலகு, எந்த மதிப்புகள் வரலாம், காலியாக விடலாமா என்ற ஆறும் அதில் இருந்தால் போதும். அட்டவணை போடுவது அரை மணி நேர வேலை. அதற்குள் எதை எழுதுவது என்று முடிவு செய்வதில்தான் நாள் போகும். கையில் கிடைக்கும் குறிப்பு பெரும்பாலும் இந்த அழகில் இருக்கும்:

```
sample_no - S001 மாதிரி, சிலதில் வெறும் எண்
date      - எடுத்த நாள்
site      - கிணறு / குழாய் / தொட்டி
ph        - 6-9
turb      - NTU, கம்மியா இருந்தா <0.5
cl        - 0.2க்கு மேல இருக்கணும்
ecoli     - P / A, சில நேரம் ND
lab_dt    - லேப் முடிச்ச தேதி
```

குடிநீர் மாதிரிகளை எடுத்துப் பரிசோதித்த தாள் இது. 412 மாதிரிகள், 2-ஆம் வரியிலிருந்து 413-ஆம் வரி வரை, நெடுவரிசைகள் A முதல் H வரை என்று வைத்துக்கொள்வோம். குறிப்பை எழுதியவருக்கு இந்த எட்டு வரி போதும், மீதி அவர் தலையில் இருக்கிறது. ஆனால் `ph`-க்கு எதிரே இருக்கும் `6-9`, `cl`-க்கு எதிரே இருக்கும் `0.2க்கு மேல`, `site`-க்கு எதிரே இருக்கும் மூன்று சொற்கள் ஆகிய மூன்றும் ஒரே மாதிரித் தோன்றினாலும் மூன்றும் வெவ்வேறு விஷயங்கள். முதலாவது வழக்கமாக வரும் அளவு. இரண்டாவது தண்ணீர் எப்படி இருக்க வேண்டும் என்ற தரம். மூன்றாவதுதான் உண்மையில் அனுமதிக்கப்பட்ட மதிப்புகளின் பட்டியல். இந்த மூன்றையும் அப்படியே "அனுமதிக்கப்பட்டவை" என்ற ஒரே கட்டத்தில் கொட்டினால் அகராதி பார்க்க நிறைவாகத்தான் இருக்கும். அதை நம்பித் தாளைச் சரிபார்க்கப் போகிறவர்தான் அவதிப்படுவார்.

முதலில் தாளில் என்ன இருக்கிறது என்று எண்ணுங்கள்

குறிப்பைப் பார்த்து அகராதியை எழுதத் தொடங்க வேண்டாம். குறிப்பு சொல்வது எழுதியவரின் நினைவு. தாளில் இருப்பது நடந்தது. இரண்டும் எங்கே விலகுகின்றன என்பது தெரிந்த பிறகுதான் முதல் வரியை எழுத முடியும். ஒவ்வொரு நெடுவரிசையிலும் என்னென்ன மதிப்புகள், எத்தனை தடவை வந்திருக்கின்றன என்று பட்டியல் எடுங்கள். பிவட் டேபிள் போட்டாலும் சரி, காலி நெடுவரிசைகளில் இந்த இரண்டு வாய்பாடுகளைப் போட்டாலும் சரி:

```
J2:  =UNIQUE(G2:G413&"")
K2:  =COUNTIF($G$2:$G$413, "="&J2)
```

இரண்டாவதைக் கீழே இழுத்துவிடுங்கள். ஈ.கோலை பாக்டீரியா இருந்தால் `P`, இல்லாவிட்டால் `A` என்று பதியும் `ecoli` நெடுவரிசையைச் சரியாக எண்ணி முடித்தால் கிடைப்பது இதுதான் என்று கொள்வோம்: `A` 340, `P` 31, `ND` 22, சின்ன எழுத்து `a` 6, பின்னால் ஒரு இடைவெளியுடன் `A` 4, காலி 9. கூட்டினால் 412. கூட்டல் பொருந்துகிறதா என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பொருந்தவில்லை என்றால் வீச்சு எங்கோ தவறியிருக்கிறது.

ஆனால் மேலே உள்ள வாய்பாடு உங்களுக்கு 340-ஐயும் 6-ஐயும் தனித்தனியாகக் காட்டாது. எக்செலில் `UNIQUE`, `COUNTIF`, பிவட் டேபிள் மூன்றுமே பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. `A` என்று ஒரே வரியில் 346 வரும். இந்தத் தாளை எக்செலை விட்டு வேறு நிரலுக்குக் கொண்டுபோனால் அங்கே `a` தனி வகையாக நிற்கும். அதைப் பிடிக்க `EXACT` வேண்டும்:

```
=SUMPRODUCT(--EXACT(G2:G413,"a"))
```

பின்னால் இருக்கும் இடைவெளியைக் கண்ணால் பார்க்க முடியாது, `LEN` காட்டிக் கொடுக்கும். ஒரே எழுத்து இருக்க வேண்டிய செல்லில் 2 என்று வந்தால் இடைவெளி ஒட்டியிருக்கிறது. இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிய தரவாக இருந்தால் `TRIM` போட்டும் 2 என்றே நிற்கும், ஏனென்றால் அது சாதாரண இடைவெளி இல்லை. அதை `SUBSTITUTE(G2,UNICHAR(160),"")` என்று நீக்க வேண்டும்.

தமிழில் தட்டிய மதிப்புகளுக்கு இன்னொரு சோதனையும் அவசியம். `site` நெடுவரிசையில் "தொட்டி" என்று 80 செல்கள் இருக்கின்றன. அவற்றில் 61 செல்களுக்கு `LEN` 6 என்கிறது, 19 செல்களுக்கு 7 என்கிறது. திரையில் இரண்டுக்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. காரணம், "தொ"வில் இருக்கும் ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னால் வரும் கொம்பையும் பின்னால் வரும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். விசைப்பலகையைப் பொறுத்து மாறும். "கௌ" என்று எழுத வேண்டிய இடத்தில் கொம்பும் ளகரமும் போட்டு "கெள" என்று எழுதுவதும் இதே குடும்பம், ஆனால் இன்னும் மோசம். முதல் வகையை ஒருங்குறிச் சீராக்கல் செய்து ஒன்றாக்கிவிடலாம். இந்த இரண்டாவது சீராக்கலிலும் ஒன்றாகாது. ஆகவே அனுமதிக்கப்பட்ட மதிப்புகளைத் தமிழ்ச் சொல்லாக வைக்காமல் `WELL`, `TAP`, `TANK` போன்ற குறியீடாக வைத்து, அதன் பொருளை அகராதியில் தமிழில் எழுதுவதே நல்லது. தாளில் உள்ள பழைய சொற்களை இந்தக் குறியீடுகளுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அதே பட்டியலில் குறிப்பில் இல்லாத "ஆழ்குழாய்" 14 தடவை வந்திருப்பதும் தெரியவரும். அது கிணறோடு சேருமா, தனி வகையா என்று நாமாக முடிவெடுக்கக் கூடாது. கேள்விப் பட்டியலில் போய் உட்காரட்டும்.

`ND`: ஒரே குறியீடு, இரண்டு பொருள்

அந்த 22 `ND`-க்கு வருவோம். பரிசோதனைக் கூடத்தில் இது "கண்டறியப்படவில்லை" என்று பொருள்படும். பதிவேட்டில் அதே எழுத்துகள் "செய்யப்படவில்லை" என்றும் பொருள்படும். முதலாவது ஒரு முடிவு, நல்ல முடிவு: ஈ.கோலை இல்லை, `A` என்பதற்குச் சமம். இரண்டாவது முடிவே இல்லை. ஒன்றை மற்றதாக எடுத்துக்கொண்டால் சோதிக்காத தண்ணீர் பாதுகாப்பானது என்ற கணக்கில் சேர்ந்துவிடும்.

குறிப்பில் இதற்கு விடை இல்லை. தாளில் பாதி விடை இருக்கிறது. `ND` உள்ள வரிகளில் `lab_dt` காலியாக இருப்பவை எத்தனை?

```
=COUNTIFS(G2:G413,"ND",H2:H413,"")
```

7 என்று வந்தால், அந்த 7 வரிகளில் பரிசோதனையே முடியவில்லை என்று சந்தேகிக்க இடமிருக்கிறது. மீதி 15 வரிகளில் தேதியும் இருக்கிறது, மற்ற அளவுகளும் இருக்கின்றன; அங்கே "கண்டறியப்படவில்லை"யாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆக, ஒரே குறியீட்டை இரண்டு பேர் இரண்டு பொருளில் போட்டிருக்கிறார்கள். இந்த நிலையில் அகராதியில் `ND`-க்கு எந்தப் பொருளை எழுதினாலும் தவறுதான். "பொருள் உறுதியாகவில்லை, 22 வரிகள், அதில் 7-க்கு `lab_dt` இல்லை" என்று எழுதுவதே இன்றைக்கு உண்மை. தாளின் பொறுப்பாளரிடம் கேட்கும்போதும் "`ND` என்றால் என்ன?" என்று கேட்காதீர்கள். அவர் தனக்குத் தெரிந்த பொருளைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்த 7 மாதிரி எண்களையும் மற்றதில் இரண்டு மூன்றையும் எழுதி, "இவற்றில் சோதனை நடந்ததா?" என்று கேளுங்கள். கையெழுத்துப் பதிவேட்டைத் திறந்து பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும், நமக்கும் அதுதான் தேவை.

வகை: திரையில் தெரிவதை நம்ப முடியாது

`sample_no` எண் போலத் தெரிந்தாலும் எழுத்து வகை. கூட்டவோ சராசரி எடுக்கவோ போவதில்லை என்றால் அது அடையாளம். எண் வகை என்று எழுதிவிட்டால் யாராவது `045`-ஐ `45` ஆக்கிவிடுவார்கள். 15 இலக்கத்துக்கு மேல் போகும் அடையாள எண்ணாக இருந்தால் எக்செல் 16-ஆவது இலக்கத்திலிருந்து பூஜ்யமாக்கிவிடும், திரும்பக் கிடைக்காது. குறிப்பில் "சிலதில் வெறும் எண்" என்று இருப்பதால் `45` என்றும் `S045` என்றும் ஒரே நீர் மாதிரி இரண்டு தடவை பதிவாகியிருக்கவும் கூடும். வடிவத்தை ஒன்றாக்கிய பிறகுதான் "தனித்துவமானது" என்று அகராதியில் எழுதலாம்.

`date` நெடுவரிசையில் ஒரு கொடிய சிக்கல் உண்டு. `=SUMPRODUCT(--ISTEXT(B2:B413))` போட்டால் 58 வருகிறது. அதாவது 58 தேதிகள் தேதியாக இல்லாமல் எழுத்தாக இருக்கின்றன. அந்த 58-ஐ வடிகட்டிப் பாருங்கள். எல்லாவற்றிலும் முதல் எண் 12-க்கு மேல் இருந்தால், மாதத்தை முதலில் எதிர்பார்க்கும் கணினியில் யாரோ நாளை முதலில் போட்டுத் தட்டியிருக்கிறார்கள் என்று பொருள். `31/03/2024` என்று தட்டினால் 31-ஆவது மாதம் இல்லாததால் அது எழுத்தாகவே நின்றுவிடும். நமக்குத் தெரிந்துவிடும். ஆனால் அதே கணினியில் `03/04/2024` என்று தட்டினால் சத்தமில்லாமல் மார்ச் 4 ஆகிவிடும். ஆபத்து அந்த 58-இல் இல்லை, அவற்றுக்கு நடுவே ஒழுங்காகத் தெரியும் தேதிகளில் இருக்கிறது. மாதிரி எண் வரிசைதான் சாட்சி: `S140` மார்ச் 31, `S142` ஏப்ரல் 4, நடுவில் `S141` மட்டும் மார்ச் 4 என்றால் அது ஏப்ரல் 3 இடம் மாறியது. அகராதியில் வெறுமனே "தேதி" என்று எழுதினால் போதாது. "உண்மையான தேதி வகை, `YYYY-MM-DD` என்று காட்டவும்" என்றும், பக்கத்தில் "`lab_dt` இந்தத் தேதிக்கு முந்தியதாக இருக்கக் கூடாது" என்றும் எழுதுங்கள். இடம் மாறிய தேதிகளில் சிலவற்றை இந்த இரண்டாவது விதி பிடித்துக் கொடுக்கும்.

`turb` கலங்கல் அளவு. எண் நெடுவரிசை, ஆனால் `<0.5` என்ற எழுத்தும் வருகிறது. கருவியால் 0.5-க்குக் கீழே நம்பகமாக அளக்க முடியாது என்பதே அதன் பொருள். இதைப் பிழை என்று நினைத்து அழிப்பதும், பூஜ்யமாக்குவதும் தவறு. அப்படியே விட்டாலும் கணக்கு கெடும். 0.8, 1.2, `<0.5`, `<0.5`, 2.0 என்ற ஐந்து அளவுகளுக்கு `AVERAGE` போட்டுப் பாருங்கள். எழுத்தாக உள்ள இரண்டையும் விட்டுவிட்டு மூன்றுக்கு மட்டும் சராசரி எடுத்து 1.33 என்று காட்டும். அந்த இரண்டையும் அதிகபட்சமாக 0.5 என்றே வைத்தாலும் சராசரி 1.0-தான் வர வேண்டும். சுத்தமான மாதிரிகள் எல்லாம் கணக்கிலிருந்து விழுந்து, தண்ணீர் இருப்பதைவிடக் கலங்கலாகத் தெரியும்.

சரியான வழி இரண்டு நெடுவரிசைகள்: `turb`-இல் எண் மட்டும் (0.5), பக்கத்தில் `turb_q` என்ற ஒன்றில் `eq` அல்லது `lt`. குறியாக `=` போடலாமே என்று தோன்றும். எக்செலில் அதைத் தட்டினால் வாய்பாடு தொடங்கிவிடும், அதனால்தான் எழுத்து. 0.5 என்ற எல்லையை விதியாக அகராதியில் பூட்டவும் வேண்டாம், கருவி மாறினால் எல்லையும் மாறும். ஒன்று மட்டும் கவனம்: அகராதி இன்றைக்கு இருக்கும் தாளை விவரிக்க வேண்டும். நெடுவரிசையைப் பிரித்த பிறகு பிரித்த மாதிரி எழுதுங்கள். பிரிக்காமலே பிரித்த மாதிரி எழுதிய அகராதி, இல்லாத தாளுக்கு எழுதிய அகராதி.

எல்லைகள் இரண்டு வகை

`ph` 6-9 என்ற குறிப்பை அனுமதிக்கப்பட்ட வீச்சாக வைத்தால் 5.4 வரும் கிணற்றுத் தண்ணீரைப் பதிய முடியாது. பதிகிறவர் 6.0 என்று போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். `cl`-இல் இது இன்னும் விபரீதம்: 0.2-க்குக் கீழே ஏற்காது என்று பூட்டினால், குளோரின் சுத்தமாக இல்லாத குழாயைத்தான் முதலில் மறைத்தவர்களாவோம். ஆகவே எல்லையை இரண்டாகப் பிரியுங்கள். "ஏற்கக் கூடாதது" என்பது அளவீடாக இருக்கவே முடியாதது: `ph`-க்கு 0-14-க்கு வெளியே, `cl`-க்கு 0-க்குக் கீழே. `72` என்று புள்ளியை விட்டுத் தட்டிய 7.2 இதில் மாட்டிக்கொள்ளும். "மறுபடி பார்க்க வேண்டியது" என்பது நடக்கக் கூடியது, ஆனால் கவனம் வேண்டியது: `ph` 6-9-க்கு வெளியே, `cl` 0.2-க்குக் கீழே. குறிப்பில் உள்ள எண்கள் எல்லாம் இந்த இரண்டாவது கட்டத்துக்கு உரியவை.

`cl` என்ற பெயரே முழுமையாக இல்லை. தண்ணீர்ப் பரிசோதனையில் அது எஞ்சிய தனிக் குளோரினாக இருக்கலாம், மொத்தக் குளோரினாக இருக்கலாம், உப்புச் சார்ந்த குளோரைடாகவும் இருக்கலாம். தாளில் உச்ச அளவு 1.8 என்றால் குளோரைடு இல்லை என்று ஓரளவு நிச்சயமாகச் சொல்லலாம், அது பெரும்பாலும் லிட்டருக்குப் பத்து, நூறு மில்லிகிராம் கணக்கில் வரும். தனியா மொத்தமா என்பதைத் தரவைப் பார்த்துச் சொல்ல முடியாது. கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அட்டவணை

தாளில் மாற்றங்களைச் செய்து, கேட்டதில் பதில் வந்தவற்றையும் சேர்த்தால் அட்டவணை இப்படி நிற்கும். பெயர் நெடுவரிசையில் தலைப்பை ஓர் எழுத்து மாறாமல், தட்டாமல், தாளிலிருந்து நகலெடுத்துப் போடுங்கள்.

| பெயர் | பொருள் | வகை, அலகு | ஏற்கும் மதிப்பு | மறுபடி பார்க்க | காலி? |
|---|---|---|---|---|---|
| `sample_no` | மாதிரியின் அடையாளம் | எழுத்து | `S` + 3 இலக்கம், தனித்துவமானது | – | கூடாது |
| `date` | மாதிரி எடுத்த நாள் | தேதி, `YYYY-MM-DD` | இன்றைய தேதி வரை | மாதிரி எண் வரிசைக்கு முரணானால் | கூடாது |
| `site` | எடுத்த இடத்தின் வகை | குறியீடு | `WELL` கிணறு; `TAP` குழாய்; `TANK` தொட்டி; `BORE` ஆழ்குழாய் | – | கூடாது |
| `ph` | அமில காரத் தன்மை | எண், அலகு இல்லை | 0 முதல் 14 | 6-க்குக் கீழ், 9-க்கு மேல் | அளக்காவிட்டால் |
| `turb` | கலங்கல். `lt` எனில் கருவியின் எல்லை | எண், `NTU` | 0 அல்லது மேல் | – | அளக்காவிட்டால் |
| `turb_q` | `turb`-இன் தகுதிக் குறி | குறியீடு | `eq` அளந்த மதிப்பு. `lt` அதற்குக் கீழ் | – | `turb` காலியானால் மட்டும் |
| `cl` | எஞ்சிய தனிக் குளோரின் | எண், `mg/L` | 0 அல்லது மேல் | 0.2-க்குக் கீழ் | அளக்காவிட்டால். 0 வேறு, காலி வேறு |
| `ecoli` | ஈ.கோலை உண்டா | குறியீடு | `P` உண்டு, `A` இல்லை, `ND` பொருள் உறுதியாகவில்லை | `ND` 22 வரிகள் | சோதிக்காவிட்டால் |
| `lab_dt` | சோதனை முடிந்த நாள் | தேதி, `YYYY-MM-DD` | `date` அன்றோ பிறகோ | – | முடியும் வரை |

இந்த அட்டவணையையே எக்செலில் வைக்கப் போகிறீர்கள் என்றால், தட்டுவதற்கு முன் தாள் முழுவதையும் `Text` வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் `6-9` என்று தட்டிய எல்லை கணினியின் அமைப்பைப் பொறுத்து செப்டம்பர் 6 அல்லது ஜூன் 9 என்ற தேதியாகிவிடும். தேதி கெட்டதைப் பிடிக்க எழுதிய அகராதியிலேயே தேதி கெட்டு நிற்கும். ஒரு குறியீட்டுப் பட்டியல் ஆறேழைத் தாண்டினால் அதைக் கட்டத்துக்குள் திணிக்காமல் தனித் தாளில் வரிக்கு ஒரு குறியீடாக எழுதி, இங்கே அந்தத் தாளின் பெயரை மட்டும் போடுவது படிக்க எளிது.

எழுதியதை அப்படியே நம்பாமல் தாளோடு மோதவிடுங்கள். ஒவ்வொரு விதியையும் மீறும் வரிகள் எத்தனை என்று எண்ணுங்கள். `ph`-க்கு `=COUNTIF(D2:D413,">14")+COUNTIF(D2:D413,"<0")` போதும். ஆனால் எழுத்தாக நிற்கும் எண்கள் இந்த எண்ணிக்கையில் விழாது, அதனால் `ISTEXT` சோதனையையும் கூடவே போட வேண்டும். டேட்டா வேலிடேஷன் போட்டிருக்கிறோமே என்று விட்டுவிட முடியாது. அது தட்டும்போது மட்டும்தான் தடுக்கும், ஒட்டிய மதிப்புகளைப் பார்ப்பதில்லை. ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவற்றை `Circle Invalid Data` என்ற கட்டளை வட்டமிட்டுக் காட்டும். விதியை மீறுபவை ஒன்றிரண்டு என்றால் தரவைச் சந்தேகியுங்கள். நாற்பது ஐம்பது என்றால் பெரும்பாலும் தவறு நீங்கள் எழுதிய விதியில்.

கடைசியாக அட்டவணைக்குக் கீழே இரண்டு சின்ன விஷயங்கள் வேண்டும். எந்தத் தேதியிட்ட தாளைப் பார்த்து, எத்தனை வரிகள் இருந்தபோது எழுதியது என்ற ஒரு வரி. அதன்கீழ் விடை வராத கேள்விகள், யாரிடம் எந்த நாளில் கேட்டது என்பதோடு: அந்த 7 `ND` வரிகள், எண் `S999`-ஐத் தாண்டினால் வடிவம் என்ன ஆகும் என்பது. பதில் வந்ததும் கேள்வியை அழிக்காமல், பதிலை அதன் பக்கத்திலேயே தேதியோடு எழுதி, அட்டவணையில் `ecoli` வரியைத் திருத்துங்கள்.